கத்திரி வெயிலில் நிற்காத ஃப்ரிட்ஜ்

மே மாதம் 4ஆம் தேதிவாக்கில் கத்திரி பிறக்கிறது. வேலூர், திருத்தணி, கரூர் பக்கமெல்லாம் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டும் தாண்டியும் விளையாடுகிறது. அந்த நாட்களில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு வரும் போன்களில் அடிக்கடி கேட்கும் புகார், "மோட்டார் நிக்கவே மாட்டேங்குதுங்க" என்பதுதான். சொல்பவருக்கு இரண்டு கவலை. கரண்ட் பில் எகிறிவிடும் என்பது ஒன்று. இப்படியே ஓடினால் கம்ப்ரஸர் போய்விடுமோ என்பது இன்னொன்று.

இந்தப் புகார்களில் கணிசமானவை பழுதே அல்ல. வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் ஓட வேண்டிய ஓட்டம்தான் அது. ஆனால் அதே புகாரைச் சொல்லும் வேறு சில வீடுகளில் உண்மையாகவே ஏதோ கெட்டிருக்கும். வெயில் தணிந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள், சரியாகாது. இந்த இரண்டு வீடுகளிலும் மோட்டார் சத்தம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு பெட்டிக்கு உள்ளே இருக்கும் குளிரில்தான் தெரியும்.

அதைப் பார்ப்பதற்கு முன், ஆரோக்கியமான ஒரு ஃப்ரிட்ஜ் வெயிலில் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற கணக்கைப் போட்டுவிடலாம். கணக்கு தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே, சமையலறைக்குள் தள்ளுகிறது. தள்ளத் தள்ள, சுவர்கள் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் சூடு மறுபடி உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை. ஓட்டை வழியாக வருவதைவிட வேகமாக இறைத்தால்தான் இறைப்பவர் நடுநடுவே கையை ஓய்த்து உட்கார முடியும். மோட்டார் நிற்கும் நேரம் அந்த ஓய்வு நேரம்தான்.

வெயில் இந்த ஓய்வை இரண்டு பக்கமும் கடிக்கிறது. முதலாவது, உள்ளே வரும் சூடு கூடுகிறது. மார்கழி, தை மாதங்களில் சமையலறை 28 டிகிரி, ஃப்ரிட்ஜின் உள்ளே 5 டிகிரி என்றால் வித்தியாசம் 23. மே மாதம் அதே சமையலறை 40 டிகிரி ஆகும்போது வித்தியாசம் 35. சுவர் வழியாகக் கசியும் சூடு இந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடும். ஃப்ரீஸர் பகுதியையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். இரண்டாவது, வெளியே தள்ளும் வேலை கடினமாகிறது. ஃப்ரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டிலோ இருக்கும் கண்டென்சர் குழாய்கள் அறைக் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் சூடு அவற்றிலிருந்து காற்றுக்குப் போகும். அறை 28 டிகிரி என்றால் குழாய் 40 டிகிரி இருந்தால் போதும். அறையே 40 என்றால் குழாய் 50ஐத் தாண்ட வேண்டும். அந்த அளவுக்கு அழுத்திக் கொடுக்க கம்ப்ரஸர் அதிகம் பாடுபடுகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அது வெளியேற்றும் சூட்டின் அளவு குறைந்துபோகிறது.

எண்ணாகவே பார்ப்போம். வேலூரில் ஒரு வீடு, அங்கே 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் எண்கள் மாறும். இவை அந்த அளவு ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தி வரக்கூடிய தோராயமான எண்கள். தை மாதத்தில் உள்ளே கசியும் சூடு 35 வாட். மோட்டார் ஓடும்போது வெளியேற்றும் திறன் 90 வாட். அப்படியானால் மணிக்கு 23 நிமிடம் ஓடினால் போதும், மீதி நேரம் ஓய்வு. மே மாதம் கசிவு 50 வாட் ஆகிறது, வெளியேற்றும் திறனோ 75 வாட்டாக இறங்குகிறது. இப்போது மணிக்கு 40 நிமிடம் ஓட வேண்டும். கதவை யாரும் திறக்காமல், உள்ளே எதையும் வைக்காமல் இருந்தாலே இந்த நிலை.

இனிமேல்தான் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். வெயில் நாளில் மதியம் எல்லோருக்கும் ஜில்லென்று தண்ணீர் வேண்டும் என்று ஆறு ஒரு லிட்டர் பாட்டில்களை நிரப்பி உள்ளே அடுக்குகிறார்கள். குழாய்த் தண்ணீரோ மொட்டை மாடி டேங்கில் காய்ந்து வருவது. குடத்தில் ஆறவைத்தாலும் 34 டிகிரி இருக்கும். அதை 6 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 700 கிலோஜூல் சூட்டை வெளியேற்ற வேண்டும். மேலே பார்த்த கணக்கின்படி, கசிவைச் சமாளித்தது போக மே மாதத்தில் மிஞ்சும் திறன் வெறும் 25 வாட். அந்த 25 வாட்டை வைத்துக்கொண்டு 700 கிலோஜூலை இறைத்து முடிக்க எட்டு மணி நேரம் பிடிக்கும். அந்த எட்டு மணி நேரமும் மோட்டார் நிற்காது, நிற்கவும் கூடாது. இதே ஆறு பாட்டில்களை தை மாதம் 26 டிகிரியில் வைத்திருந்தால் இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நடைமுறையில், பாட்டில் வைத்ததும் பெட்டிக்குள் சற்றுச் சூடேறி கசிவு குறைவதால் எட்டு மணி என்பது கொஞ்சம் சுருங்கலாம். ஆனால் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை என்று காலியான பாட்டில்களை நிரப்பி நிரப்பி வைக்கும் வீட்டில் மோட்டார் எப்போது நிற்கும்?

கதவைத் திறப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கும் பிள்ளைகளுக்குத்தான் திட்டு விழுகிறது. ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று முழுவதும் கொட்டிப் போய் வெளிக்காற்று புகுந்தாலும், அதனால் ஏறும் சுமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் தரும் சுமையில் பத்தில் ஒரு பங்குதான். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரியான கடலோர ஊர்களில் அதிலும் பாதிக்கு மேல் காற்றின் சூடு அல்ல, காற்றிலுள்ள ஈரம். அந்த ஈரம் ஃப்ரீஸரில் போய்ப் பனிக்கட்டியாகப் படியும் என்பதால் கதவை வீணாகத் திறக்க வேண்டாம் என்பது சரிதான். இருந்தாலும் பிள்ளையின் பத்துத் திறப்பும் பெரியவர்கள் வைக்கும் ஒரு பாட்டிலும் ஏறக்குறைய சமம். மண்பானையில் குளிர்ந்த தண்ணீரை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்தச் சுமையில் நல்ல பகுதி குறைந்துவிடும்.

மாவும் குழம்பும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி. கோடையில் இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடும் என்று அரைத்த சூட்டோடு பெரிய பாத்திரத்தை உள்ளே தள்ளுகிறோம். கிரைண்டரில் அரைபட்ட மாவு அறையைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். இரண்டு மூன்று சிறிய பாத்திரங்களாகப் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும், புளிப்பதும் சீக்கிரம் மட்டுப்படும். சூடான சாம்பாரை, பாத்திரத்தோடு தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றிவிட்டு உள்ளே வைக்கலாம். அதற்காக மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும், இந்த வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே.

மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த பிறகும், புது ஃப்ரிட்ஜ் வாங்கி முதல்முறை போட்ட நாளிலும் மோட்டார் பல மணி நேரம் தொடர்ந்து ஓடுவது இதே காரணத்தால்தான்.

இப்படி ஓடுவதால் கம்ப்ரஸர் கெடுமா? ஓடிக்கொண்டிருப்பது அதற்குப் பெரிய துன்பம் இல்லை. உள்ளேயிருந்து திரும்பி வரும் குளிர்ந்த கேஸ் மோட்டாரைச் சற்றுக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது, எண்ணெயும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மோட்டாருக்குக் கஷ்டமான நேரம் அது கிளம்பும் நேரம். அப்போது அது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ஆகவே தொடர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜைவிட, சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் "டிக்" என்று கேட்டு, லேசாக உறுமி, மறுபடி "டிக்" என்று அடங்கும் ஃப்ரிட்ஜ்தான் கவலைக்குரியது. கோடையில் எல்லோரும் ஏசி போடும் ராத்திரி நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் இப்படி ஆகும். மோட்டார் கிளம்ப முடியாமல் திணறுகிறது, ஓவர்லோட் அதை வெட்டிவிடுகிறது. உடனே ஸ்விட்சை அணையுங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும்போதும் அப்படியே கேட்டால் ரிலே போயிருக்கலாம், கம்ப்ரஸரே கூடப் போயிருக்கலாம். அதற்கு மெக்கானிக் வேண்டும்.

பில் விஷயம் வேறு. ஓடும்போது 70 வாட் இழுக்கும் நம் வேலூர் ஃப்ரிட்ஜ், நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே தின்று தீர்த்துவிடும். தை மாதத்து ஓட்டத்துக்கு 40 யூனிட்டுக்குள் முடிந்திருக்கும்.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் மேற்சொன்ன நிமிடக் கணக்கை மறந்துவிடலாம். பழைய கம்ப்ரஸருக்கு இரண்டே நிலை: முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மெதுவான வேகத்தில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது அது. அடிக்கடி நின்று கிளம்பாததால்தான் மின்சாரம் மிச்சமாகிறது. அது நிற்காமல் ஓடுகிறது என்பது புகாரே அல்ல. வெயிலில் வேகம் கூடிச் சத்தம் சற்று ஏறினாலும் பயப்பட ஒன்றுமில்லை.

அதேபோல ஃப்ரிட்ஜின் பக்கவாட்டுத் தகடு கை வைக்க முடியாத அளவு சுடுவதும் பழுது அல்ல. பழைய ஃப்ரிட்ஜ்களில் பின்னால் கறுப்புக் கம்பிவலை மாதிரி தெரிந்த கண்டென்சரை, இப்போதைய பல மாடல்களில் பக்கத் தகடுகளுக்கு உள்ளே மறைத்து வைத்திருக்கிறார்கள். அவை சுடுகின்றன என்றால் உள்ளே இருந்த சூடு வெளியே வந்துகொண்டிருக்கிறது. டபுள் டோர் மாடல்களில் கதவைச் சுற்றியுள்ள சட்டம் வெதுவெதுப்பாக இருப்பதும் வேண்டுமென்றே செய்தது. அங்கே நீர் முத்து முத்தாகக் கோக்காமலிருக்க ஒரு சூடான குழாயை அந்த வழியாக ஓட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் நம் வீடுகளில் அழகுக்குப் போடும் ஃப்ரிட்ஜ் கவர் இடைஞ்சல் செய்கிறது. மேலே மட்டும் விரித்தால் தொந்தரவு இல்லை. பக்கவாட்டையும் மூடித் தொங்கும் கவர், சூடு வெளியேறும் இடத்தையே போர்த்திவிடுகிறது. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் கோணிப்பை, முறம், பழைய பேப்பர்க் கட்டு என்று செருகி வைப்பதும் அப்படித்தான். பின்னாலும் பக்கங்களிலும் ஒரு கை புகுந்து வரும் அளவுக்கு இடம் வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் என்பதை உங்கள் மாடலின் கையேடே சொல்லும். மேற்கு வெயில் விழும் ஜன்னல் ஓரமும் அடுப்புக்குப் பக்கமும் ஆகாது. கறுப்புக் கம்பிவலை வெளியே தெரியும் ஃப்ரிட்ஜாக இருந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அதில் படிந்த ஒட்டடையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இவையெல்லாம் பத்து நிமிட வேலை. மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் முடித்துவிட வேண்டியவை.

சரி, பழுதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரவில் ஒரு சோதனை போதும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அதில் இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலை காட்டாது. ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். காற்றில் வைத்தால் கதவைத் திறந்ததுமே எண் மாறிவிடும், தண்ணீரில் நிலையாக இருக்கும். தெர்மோஸ்டாட் குமிழ் நடுவில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு புதிதாக எதையும் உள்ளே வைக்க வேண்டாம், கதவையும் திறக்க வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கதவைத் திறப்பதற்கு முன் பத்து இருபது நிமிடம் மோட்டார் சத்தத்தைக் கவனியுங்கள். பிறகு திறந்து தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

டம்ளர் 5 டிகிரிக்குள் காட்டி, மோட்டாரும் இடையே நின்று நின்று ஓடினால் ஃப்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது. பகலில் நிற்காமல் ஓடியது வெயிலாலும் பாட்டில்களாலும்தான். வீண் செலவு செய்ய வேண்டாம். டம்ளர் 5 டிகிரிக்குள் இருக்கிறது, ஆனால் மோட்டார் விடியற்காலையிலும் நிற்கவில்லை என்றால், முதலில் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய கதவு ரப்பரையும் பனிக்கட்டியையும் பாருங்கள். எண் பூஜ்யத்தை நெருங்கி, கீழ்த்தட்டுக் கீரையும் வெள்ளரிக்காயும் உறைந்து கண்ணாடிபோல ஆகியிருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். டம்ளர் 8, 10 என்று காட்டியும் மோட்டார் நிற்கவில்லை என்றால் அது பழுது. அடுத்த வெயில்வரை தள்ளிப்போடாதீர்கள். பாலும் மீனும் கெடத் தொடங்கும் நிலை அது.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டு போதும். நோட்டில் பாதி வெளியே தெரியும்படி கதவை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் உட்காரவில்லை. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்க மூலைகளிலும் பாருங்கள். இன்னொரு வழி, இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடுவது. ஒளி கசியும் இடத்தில் காற்றும் கசியும். பல வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது, மடிப்பில் அழுக்கும் சிந்திய பாலும் பிசுபிசுத்து இறுகியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தால் மறுபடி ஒட்டும். கிழிந்திருந்தாலோ காந்தம் பிடிக்காமல் தொளதொளத்திருந்தாலோ அந்த மாடலுக்கான கேஸ்கெட் வாங்கி மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜின் முன்கால்களைத் திருகிச் சற்று உயர்த்தி வைத்தால் பாதி திறந்த கதவு தானே போய் மூடிக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட் போயிருந்தால் சோதனை இன்னும் எளிது. குமிழை மிகக் குறைந்த குளிருக்குத் திருப்புங்கள். நன்றாகக் குளிர்ந்திருக்கும் ஃப்ரிட்ஜில் மோட்டார் சீக்கிரமே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதிரிபாகமாகக் கிடைப்பது, மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. எலக்ட்ரானிக் போர்டு உள்ள மாடல்களில் இந்த வேலையைச் செய்வது சிறிய சென்சார்கள். அவற்றையும் அளந்து பார்த்துவிடலாம்.

சிங்கிள் டோரில் ஃப்ரீஸரைச் சுற்றிக் கால் அங்குலத்துக்கு மேல் பனி கட்டியிருந்தால் மெக்கானிக் வேண்டாம். பனி ஒரு போர்வை மாதிரி சூட்டை மறித்துவிடுவதால் மோட்டார் வீணாக ஓடுகிறது. தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் உருகிவிடும். கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும், இருநூறு ரூபாய் மீன் பொட்டலத்தை எடுக்கப் போய் ஃப்ரீஸரையே இழந்தவர்கள் நிறைய.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோரில் பனி கண்ணுக்குத் தெரியாது, ஃப்ரீஸரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் படியும். அதை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமர், சென்சார் போன்றவையோ கெட்டால் காயில் முழுக்கப் பனி மூடி, கீழே குளிர்காற்று வரும் வழி அடைபடும். அடையாளம் தெளிவானது: மேலே ஐஸ்க்ரீம் கல்லாக இருக்கும், கீழே பால் திரியும், மோட்டார் நிற்காது. ப்ளக்கைப் பிடுங்கி, இரு கதவையும் திறந்துபோட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். தரையில் தண்ணீர் ஓடும், துணி போட்டுவையுங்கள். மறுபடி ஆன் செய்ததும் புதுசு போல ஓடி, சில நாட்கள் கழித்துப் பழைய குறை திரும்பினால் அது டீஃப்ராஸ்ட் கோளாறு. கேஸ் நிரப்பத் தேவையில்லை. இந்தக் குறையோடு வரும் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் போட்டு அனுப்பும் கடைகள் இருக்கின்றன. போடும் வேலைக்காக ஆஃப் செய்து வைக்கும்போதே பனி உருகிவிடுவதால் சில நாட்கள் நன்றாக ஓடும், வாடிக்கையாளரும் கேஸால்தான் சரியாயிற்று என்று நம்புவார்.

ஒரே இடத்தில் அதிகப் பணம் வீணாவது இந்த கேஸ் விஷயத்தில்தான். ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். "வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்று சொல்பவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜைத் தொட்டே அடையாளம் காணலாம். மோட்டார் நிற்காமல் ஓடும், ஆனால் சுட வேண்டிய பக்கத் தகடோ பின்கம்பிகளோ சுடாது. வெயில் நாளில் அவை அறையளவு சூட்டிலேயே இருந்தால் அது கெட்ட செய்தி. சிங்கிள் டோரில் ஃப்ரீஸரின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து, மறுபக்கம் வெறும் தகடாக இருக்கும். மெல்லிய கேப்பிலரி குழாய் அடைத்துக்கொண்டாலும், கம்ப்ரஸர் அழுத்தம் இழந்தாலும் ஏறக்குறைய இதே அடையாளங்கள் வரும். அவற்றை கேஜ் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும், வீட்டில் முடியாது.

இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது R600a என்ற ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டர் கேஸின் குடும்பத்தைச் சேர்ந்தது, எரியும். சிலிண்டர் கேஸில் வாசனைக்காகச் சேர்க்கும் பொருள் இதில் இல்லாததால் கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. அளவு சில பத்துக் கிராம்தான் என்பதால் ஃப்ரிட்ஜ் இருப்பதே ஆபத்து என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் ஃப்ரீஸரைக் குத்தி "ஸ்ஸ்" என்று சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல், ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இந்த கேஸில் இன்னொரு சங்கதி உண்டு. ஃப்ரீஸர் பக்கக் குழாயில் இதன் அழுத்தம் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் போவதோடு காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் குறைந்ததை மட்டும் மேலே ஊற்றி நிரப்பும் வேலை பலிக்காது. முறையாகச் செய்பவர் முதலில் நைட்ரஜன் அழுத்தி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பார். ஃபில்டர் என்று சொல்லும் சிறிய ட்ரையரைப் புதிதாகப் போடுவார். வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார். கடைசியில் தராசில் நிறுத்து கேஸ் போடுவார். எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜின் பின்பக்க லேபிளிலேயே அச்சாகியிருக்கிறது. இவ்வளவு சிறிய அளவில் பத்துக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும், மோட்டார் மறுபடி ஓயாமல் ஓடும்.

ஓட்டை சுவருக்கு உள்ளே, நுரைக்குள் புதைந்த குழாயில் என்றால் நிலைமை வேறு. சூடான பக்கக் குழாயாக இருந்தால் அதைத் துண்டித்துவிட்டு, பின்புறம் வெளியே ஒரு கண்டென்சர் மாட்டி ஓட்டலாம். நல்ல கைக்காரர் செய்தால் பல ஆண்டு உழைக்கும். குளிர்ந்த பக்கக் குழாய் நுரைக்குள் போயிருந்தால், அதுவும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய ஃப்ரிட்ஜாக இருந்தால், என் அபிப்பிராயத்தில் அதற்கு மேல் அதில் பணம் போடுவது வீண்.

புதிதாக வாங்குவதென்றால் ஸ்டார் எண்ணிக்கையோடு, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் க்ளைமேட் கிளாஸ் என்ற எழுத்தையும் பாருங்கள். N என்றால் 32 டிகிரி வரை, ST என்றால் 38 வரை, T என்றால் 43 வரையிலான அறை வெப்பத்துக்கு வடிவமைத்தது என்று பொருள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையிலும் T தவிர வேறு எதுவும் மே மாதத்தைத் தாங்காது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது "மோட்டார் நிற்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். விடியற்காலை டம்ளர் எத்தனை டிகிரி காட்டியது, பக்கத் தகடு சுடுகிறதா, பனி எங்கே பிடித்திருக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். கேஸ் போட்டால் எந்த கேஸ், எத்தனை கிராம், ஓட்டை எங்கே இருந்தது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் ஃப்ரிட்ஜைக் கொடுக்காதீர்கள்.